தோப்புக்கு யானை வந்தால்: ஊருக்குப் போகும் குடும்பங்கள் அறிய வேண்டியவை



கிண்டியில் இருக்கும் நமக்குக் காடு என்றால் ஆளுநர் மாளிகையை ஒட்டிய பூங்காவும் அதில் மேயும் மான்களும்தான். ஆனால் நம் மஹல்லாவில் பல குடும்பங்களுக்குச் சொந்த ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. தென்காசிப் பக்கம் வடகரை, பண்பொழி, கடையநல்லூர், தேனிப் பக்கம் கம்பம், நீலகிரியில் கூடலூர், பந்தலூர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். அங்கெல்லாம் தென்னந்தோப்பிலும் வாழைத் தோட்டத்திலும் யானை இறங்குவது இப்போது புதுச் செய்தி அல்ல. விடுமுறைக்கும் பெருநாளுக்கும் பிள்ளைகளோடு நாம் போய் இறங்குவது அந்த ஊர்களில்தான்.

சென்ற ஆண்டு நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு குடும்பத்தார் உதவி கேட்டு வந்தார்கள். மலையடிவாரத்தில் அவர்களுக்கு இரண்டு ஏக்கர் தோப்பு. தென்னைக்கு நடுவே ஊடுபயிராக வாழை போட்டிருந்தார்கள். குலை தள்ளி முற்றும் நேரத்தில் ஒரு இரவு ஒற்றை யானை வேலியைச் சாய்த்து உள்ளே வந்தது. விடியும்போது நாற்பது வாழையும் ஆறு இளந்தென்னையும் தரையில் கிடந்தன. அடுத்த இரவும் அது வந்தபோது பெரிய மச்சானும் அக்கம்பக்கத்து இளைஞர்களும் பட்டாசும் டார்ச் லைட்டும் எடுத்துக்கொண்டு விரட்டப் போனார்கள். யானை திரும்பி நின்றது. எல்லோரும் சிதறி ஓடினார்கள். மச்சான் இருட்டில் வாய்க்காலில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். யானை அவரைத் தொடவே இல்லை. ஆனாலும் ஆபரேஷன் செலவு, போன வாழையின் விலையைப் போல் பல மடங்கு ஆகிவிட்டது. மூன்றாம் இரவு யானை வேறு பக்கமாக மறுபடியும் வந்தது.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தச் சம்பவம்தான். நாங்கள் வனத்துறையினரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாக ஒரு வரியில் சொல்லலாம்: மரம் போனால் மீட்க வழி உண்டு, அதைக் காக்க இருட்டில் போகக் கூடாது. அந்த வழி என்ன என்பதைக் கீழே பார்ப்போம்.

யானை எதைத் தேடி வருகிறது?

வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும். காட்டில் அதைத் தேடி நாளின் பெரும்பகுதி நடந்துகொண்டே தின்ன வேண்டும். வாழைத் தோட்டத்தில் ஒரே இடத்தில், சில மணி நேரத்தில், தண்ணீரோடு சேர்த்துக் கிடைத்துவிடுகிறது. வாழையில் அது குலையை மட்டும் தின்பதில்லை. மரத்தை மிதித்துப் பிளந்து உள்ளே இருக்கும் தண்டைத்தான் விரும்பித் தின்கிறது. அதனால் குலை தள்ளாத வாழை என்றாலும் வரும். தென்னையில் அதன் ஆசை குருத்து. உயர்ந்த மரத்தை விட்டுவிட்டு, நெற்றியால் முட்டிச் சாய்க்கக்கூடிய இளமரத்தைத் தேடும். வாழை ஓராண்டில் மறுபடி வரும். காய்ப்புக்கு வரும் வயதில் ஒரு தென்னை போனால் ஐந்தாறு ஆண்டு உழைப்பு போகிறது. அந்த வேதனை நியாயமானது. விரட்டப் போகிறவர்களின் கோபமும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

பயிருக்குள் துணிந்து வருபவை பெரும்பாலும் ஆண் யானைகள், அதிலும் ஒற்றையாகத் திரிபவை. தந்தம் இல்லாத ஆண் யானையை மக்னா என்பார்கள். தந்தம் இல்லையே, பெண் யானைதானே என்று நினைத்து நெருங்கியவர்கள் உண்டு. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னத்தில் எண்ணெய் வழிந்ததுபோல் ஈரக் கோடு தெரிந்தால் அது மதநீர். அந்த நேரத்து ஆண் யானை விரட்டினால் விலகிப் போகும் என்று எதிர்பார்க்கவே முடியாது. குட்டியோடு வரும் கூட்டமும் அதே அளவு ஆபத்து.

அரிக்கொம்பன் சொல்லித் தந்தது

‘பிடித்துக் கொண்டுபோய் வேறு காட்டில் விட வேண்டியதுதானே’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2023இல் நடந்ததைப் பாருங்கள். கேரளத்தின் இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் பகுதியில் அரிசிக்காக ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்து வந்த ஒரு யானைக்கு மக்கள் அரிக்கொம்பன் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியார் புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அது அங்கேயே தங்கவில்லை. ஒரு மாதம் முடிவதற்குள், மே 27 காலையில், கம்பம் நகரத் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காலையில் நடந்ததுதான் நமக்குப் பாடம். சுற்றிலும் கூச்சல், வாகனம், கையில் போனோடு பின்னால் ஓடும் கூட்டம். யானைக்குப் போக வழி தெரியவில்லை. எதிரே பைக்கில் வந்த ஒருவர் தாக்கப்பட்டு, சில நாட்களில் மருத்துவமனையில் உயிரிழந்தார். நகரில் 144 தடை உத்தரவு போட வேண்டியதாயிற்று. ஜூன் 5 அன்று மறுபடி பிடித்துத் தெற்கே மேல் கோதையாறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். யானையை இடம் மாற்றுவது அரசு கடைசியாக எடுக்கும் நடவடிக்கை. அதற்குப் பிறகும் அது திரும்பலாம், இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு இன்னொரு யானை வரலாம். ஆகவே ஊர்க்காரர்கள் தினசரி எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

வால்பாறையில் உயிர்ச்சேதம் எப்படிக் குறைந்தது?

இதற்கு நல்ல உதாரணம் கோவை மாவட்டத்து வால்பாறை. நாலாபுறமும் காடு, நடுவே தேயிலைத் தோட்டம், தொழிலாளர் லைன் வீடுகள். பகலில் ஆற்றோரச் சோலைகளில் நிற்கும் யானைகள் இருட்டியதும் எஸ்டேட் வழியாக நடக்கும். 1990களின் நடுவிலிருந்து சுமார் இருபது ஆண்டுகளில் அங்கே யானையால் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் குழுவினரும் ஒவ்வொரு மரணமும் எங்கே, எப்போது, எப்படி நடந்தது என்று விசாரித்தார்கள். பெரும்பாலானவர்கள் யானையை எதிர்த்துப் போனவர்கள் அல்ல. மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தவர்கள், தெருவில் வேறு வேலையாகப் போனவர்கள். அங்கே யானை நிற்பது அவர்களுக்குத் தெரியாது. யானைக்கும் அவர்கள் வருவது தெரியாது. திடீரென்று மிக அருகில் இரண்டும் சந்தித்ததே மரணத்துக்குக் காரணம்.

காரணம் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. யானை எங்கே நிற்கிறது என்ற தகவலை இருட்டுவதற்கு முன் மக்களிடம் சேர்க்க வேண்டும். முதலில் உள்ளூர் கேபிள் டி.வி.யில் எழுத்தாக ஓட விட்டார்கள். 2011 முதல் கைபேசிக்குக் குறுஞ்செய்தியும், படிக்கத் தெரியாதவர்களுக்குத் தமிழில் குரல் அழைப்பும் போயின. எல்லோர் கண்ணிலும் படும் உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகள் வைத்தார்கள். பக்கத்தில் யானை இருந்தால் அந்தப் பகுதிக்காரர் ஒருவரே தன் கைபேசியிலிருந்து அதை எரியவிடுவார். பஸ்ஸில் வருகிறவர் விளக்கைப் பார்த்ததும் இறங்கித் தனியே நடக்காமல் துணையோடு போவார், அல்லது காத்திருப்பார். யானைகள் எண்ணிக்கையில் குறையவில்லை, வருவதும் நிற்கவில்லை. உயிரிழப்பு மட்டும் வெகுவாகக் குறைந்தது. இந்தப் பணிக்காக ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது.

இதை நம் ஊர்களில் செய்யப் பெரிய செலவு தேவையில்லை. தோப்புக்காரர்கள், பால்காரர், ஆட்டோ ஓட்டுபவர், இமாம், முஅத்தின் எல்லோரும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு போதும். அதில் ஒரே விதி இருக்க வேண்டும்: யானை எங்கே, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் போகிறது என்ற மூன்றைத் தவிர வேறு எதுவும் போடக் கூடாது. பழைய வீடியோவை யாராவது ஒருவர் போட்டால் போதும், அடுத்த முறை உண்மையான செய்தியையும் யாரும் நம்பமாட்டார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பதானால் ‘யாரும் வெளியே வரவேண்டாம்’ என்று தொடங்கிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ‘யானை வந்துவிட்டது’ என்று மட்டும் சொன்னால், ஊரே பார்க்கத் திரண்டுவிடும்.

பஜ்ருக்கும் இஷாவுக்கும் போகும் வழி

யானை பெரும்பாலும் இருட்டிய பிறகு இறங்கி, விடிவதற்குள் காட்டுக்குத் திரும்பும். நாம் இஷாவுக்கும் ரமளானில் தராவீஹுக்கும் போய் வருவதும், பஜ்ருக்குக் கிளம்புவதும் சரியாக அதே நேரம். யானை வந்திருப்பதாகத் தகவல் இருந்தால் தோப்பு வழிக் குறுக்குப் பாதையை விட்டு, விளக்குள்ள சாலையில் நாலைந்து பேராகப் பேசிக்கொண்டே போங்கள். போனில் உள்ள லைட் பத்தடிக்கு மேல் காட்டாது. நல்ல டார்ச் வேண்டும். உயிருக்கு அச்சம் உள்ள நேரத்தில் ஜமாஅத்துக்குப் போகாமல் வீட்டிலேயே தொழுதுகொள்ள மார்க்கத்தில் சலுகை உண்டு. இதை ஊர் இமாம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் வயதானவர்கள் தயங்காமல் வீட்டில் இருப்பார்கள்.

யானை எவ்வளவு பெரிதோ அவ்வளவு சத்தமில்லாமல் நடக்கும். தின்னும்போது மட்டை முறியும் ஓசையும் காது விசிறும் ஓசையும் கேட்கும். அந்த ஓசை சட்டென்று நின்றுவிட்டால் அது போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. நம்மைக் கண்டுகொண்டு அசையாமல் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். துதிக்கையை நம் பக்கம் தூக்கி மோப்பம் பிடிப்பதும் அதே அறிகுறிதான். உடனே வந்த வழியே பின்வாங்குங்கள். முகத்துக்கு நேரே டார்ச் அடிக்க வேண்டாம், கல்லெறிய வேண்டாம். வேகமாக ஓடும் மனிதரையும் யானை எட்டிப் பிடித்துவிடும். ஆகவே ஓடித் தப்புவதை நம்பாமல் தூரத்தை நம்புங்கள். வண்டியில் போகும்போது எதிரே பார்த்தால் தொலைவிலேயே நிறுத்தி, ஹார்ன் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்தி, பின்னால் எடுத்துவிடுங்கள்.

வீட்டை ஒட்டி வந்துவிட்டால் கதவைச் சாத்தி, சமையலறைக்கு எதிர்ப்பக்க அறையில் எல்லோரும் இருங்கள். அரிசி, உப்பு, வெல்லம், பழுத்த வாழைத்தார், பலாப்பழம் இவற்றின் வாசனைக்காகத்தான் அது சுவரை இடிக்கும். இவற்றை மூடியுள்ள டிரம்மில், ஆட்கள் படுக்காத அறையில் வையுங்கள். கழிப்பறை வெளியே இருக்கும் வீடுகளில் பெண்களும் முதியவர்களும் இரவில் தனியே போவதுதான் பெரிய ஆபத்து. வாசல் விளக்கு எரியட்டும், முதலில் ஜன்னல் வழியாகச் சுற்றிப் பார்த்த பிறகு கதவைத் திறக்கட்டும். ஊருக்குப் போன மகிழ்ச்சியில் பிள்ளைகள் திண்ணையிலும் தோப்புக் குடிசையிலும் படுப்பதை அந்த நாட்களில் அனுமதிக்காதீர்கள். வீட்டுச் சுவரை ஒட்டி வாழை வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். அது யானைக்கு வாசல்வரை வழி காட்டுகிறது.

வேலியில் செய்யக் கூடாத தவறு

இழப்பு தாங்காமல் சிலர் வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பிவேலியில் கொடுத்துவிடுகிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் அநாதையாக நின்றன. நிலக்காரர் கைதானார். அந்தக் கம்பி யானையைக் கொல்வதற்கு முன் ஆடு மேய்க்கும் பிள்ளையைக் கொல்லலாம். பழத்தில் அவுட்டுக்காய் வைப்பதும் இதே வகைக் குற்றம்தான்.

சோலார் வேலி வேறு. அதில் மின்சாரம் நொடிக்கு ஒருமுறை மிகக் குறுகிய நேரம் மட்டும் துடித்து ஓடும். சுரீர் என்று அடிக்கும், கொல்லாது. அதற்கும் வனத்துறையின் விதிகள் உண்டு. போடுவதற்கு முன் ரேஞ்ச் அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெற வேண்டும். அது பயன் தருவதும் பராமரிப்பைப் பொறுத்ததுதான். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் அடி வலுவிழந்துவிடும். தந்தத்தில் மின்சாரம் பாயாது என்று கண்டுகொண்ட யானை கொம்பால் கம்பியை அறுக்கும். மரத்தைத் தள்ளி வேலியின்மேல் போடும் யானைகளும் உண்டு. தனியொருவர் வேலி போட்டால் யானை பக்கத்துத் தோப்புக்குப் போகும், அவ்வளவுதான். நாலைந்து தோப்புக்காரர்கள் சேர்ந்து போட்டு, வாரம் ஒருமுறை புல் வெட்ட ஓர் ஆளை வைத்தால்தான் போட்ட பணத்துக்குப் பலன் உண்டு.

நிவாரணம்: சென்னையில் இருந்துகொண்டே செய்ய வேண்டிய வேலை

காட்டு விலங்கால் பயிர் அழிந்தால் அரசு நிவாரணம் தருகிறது. முழு இழப்பும் வராது. ஆனாலும் விட்டுவிடத் தேவையில்லை. காலையில் முதல் வேலை, எதையும் வெட்டி ஒதுக்காமல் அப்படியே போட்டோ எடுப்பது. சாய்ந்த மரம், கால் தடம், லத்தி மூன்றும் படத்தில் இருக்க வேண்டும். அன்றே வனக் காப்பாளருக்கோ ரேஞ்ச் அலுவலகத்துக்கோ எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். அவர்கள் வந்து பார்த்து, வி.ஏ.ஓ.வும் தோட்டக்கலைத் துறையும் இழப்பை மதிப்பிட்ட பிறகே தோட்டத்தைச் சுத்தம் செய்யலாம். பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல்கள் தேவைப்படும்.

முதலில் சொன்ன குடும்பம் இங்கேதான் மாட்டிக்கொண்டது. நிலம் இன்னும் மர்ஹூம் பாட்டனார் பெயரில். வாரிசுகளில் இருவர் கிண்டியில், ஒருவர் வளைகுடாவில். பயிர் செய்தது ஊரில் இருக்கும் மச்சான், எழுத்தில் குத்தகைச் சீட்டு கிடையாது. பணம் யாருக்குத் தருவது என்று கேட்டபோது பதில் இல்லை. மனு நின்றுபோனது. பிறகு நாங்கள் உட்கார்ந்து வழிகாட்டி, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வாங்கிக் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பித்தார்கள். அடங்கலில் தென்னையும் வாழையும் பதிவாயின. இது யானை வந்த பிறகு ஓடிச் செய்யும் வேலை அல்ல. உங்கள் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை eservices.tn.gov.in தளத்தில் இன்றே பார்த்துக்கொள்ளலாம்.

சொல்லக் கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். யாராவது உயிரிழந்தால், ஜனாஸாவைச் சீக்கிரம் அடக்கம் செய்ய வேண்டும் என்ற தவிப்பில் சில குடும்பங்கள் போலீஸுக்கும் வனத்துறைக்கும் சொல்லாமல் முடித்துவிடுகின்றன. முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் சேர வேண்டிய நிவாரணம் நகராது. உடனே தகவல் சொல்லி, ‘விரைவாக முடித்துத் தாருங்கள்’ என்று ஜமாஅத் பெரியவர்கள் மருத்துவமனையில் கேட்டுக்கொண்டால், இரண்டும் நடக்கும். காயம் என்றால் 108ஐ அழையுங்கள், மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

அந்தத் தோப்புக்கு இந்த ஆண்டும் யானை வந்தது. குழுவில் இரவு எட்டரைக்கே செய்தி வந்துவிட்டது. மச்சான் கதவைச் சாத்திக்கொண்டு ரேஞ்ச் அலுவலகத்துக்குப் போன் செய்தார். வனத்துறை ஆட்கள் ஜீப்பில் வந்தார்கள், நம் ஆட்கள் யாரும் வெளியே போகவில்லை. காலையில் பதினெட்டு வாழை போயிருந்தது. போட்டோவும் மனுவும் அன்று மதியத்துக்குள் கொடுத்தாகிவிட்டது. ‘வாழை போச்சு, கால் இருக்கு’ என்று மச்சான் போனில் சொன்னார்.

ஊருக்குக் கிளம்புமுன் உங்கள் ஊர் ரேஞ்ச் அலுவலக எண்ணை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எல்லோர் போனிலும் பதிந்துகொள்ளுங்கள். பட்டா, வாரிசுச் சான்றிதழ் சம்பந்தமாக உதவி வேண்டுவோர் ஞாயிறு அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு ஆவணங்களோடு வரலாம்.